மலர் வேலையும் வராத மேட்டரும்

"மேட்டர் சீக்கிரம் அனுப்புங்க சார்." விழா மலர் தயாரிக்கும் எந்த டிசைனிங் கடையிலும் ஒரு நாளில் பலமுறை காதில் விழும் வாக்கியம் இது. எதிர்முனையில் பதிலும் தயாராக இருக்கும்: "நாளைக்குக் கண்டிப்பா அனுப்பிடுறோம் சார்." இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் மறுநாள் மேட்டர் வராது. அதற்கடுத்த நாளும் இதே உரையாடல் நடக்கும். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அதே இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டிருப்பார்கள்.

வாடிக்கையாளர் தரவேண்டிய ஒன்று வராமல் வேலை நிற்பது எல்லாத் தொழிலிலும் உண்டு. ஆடிட்டர் வங்கி ஸ்டேட்மெண்டுக்காகக் காத்திருப்பார், இணையதளம் செய்பவர் படங்களுக்காகக் காத்திருப்பார். ஆனால் அச்சு வேலையில் தாமதத்தின் விலை கண்ணுக்குத் தெரியும். விழாத் தேதி நகராது, மேடையில் மலரை வெளியிட ஆள் வந்து நிற்பார். அதனால் கேட்கும் முறையைப் பற்றிப் பேச மலர் வேலையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு பள்ளியின் பவள விழா மலரையே எடுத்துக்கொள்வோம். 1951இல் தொடங்கிய பள்ளி. 2026 பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை விழா. ஏ4 அளவில் 96 பக்கம், பல வண்ணம், 1000 பிரதி. வேலை கொடுப்பவர் தலைமையாசிரியர் என்று நாம் நினைப்போம். உண்மையில் வேலை கொடுப்பது ஒரு குழு. கட்டுரைகளைத் தொகுப்பவர் தமிழாசிரியர். விளம்பரம் பிடிப்பவர் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர். குழுப்படங்கள் ஊரிலுள்ள ஸ்டூடியோக்காரரிடம் இருக்கின்றன. பழைய பதிவேடுகளின் சாவி அலுவலக உதவியாளரிடம். "மேட்டர் அனுப்புங்க" என்று தலைமையாசிரியருக்குப் போன் செய்தால் அந்த நாலு பேரில் யாரிடம் எதைக் கேட்பது என்று அவருக்கே தெரியாது. "அனுப்பிடுறோம்" என்று சொல்லிவிட்டுத் தேர்வு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். வராமல் போவதற்கு முதல் காரணம் அலட்சியம் இல்லை, கேள்வி மொட்டையாக இருப்பதுதான்.

ஆகவே கேட்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எது வந்தது, எது வரவில்லை, வராதது எத்தனையாம் பக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறது என்று நாமே உட்கார்ந்து எழுத வேண்டும். மலர் வேலையில் இதற்கு டம்மி போடுவது என்று பெயர். 96 பக்கத்துக்கும் வெற்றுத் தாளை மடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் என்ன வருகிறது என்று பென்சிலால் குறிப்பார்கள். அதில் காலியாக நிற்கும் பக்கங்கள்தான் நாம் கேட்கவேண்டியவை. டம்மி போடாமல் கேட்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே வந்துவிட்டதை மறுபடி கேட்பார், வராத ஒன்றை விட்டுவிடுவார். ஒருமுறை அப்படி நடந்துவிட்டால் அதன்பிறகு அவர் கேட்பதற்கு மதிப்பு இருக்காது.

இங்கே அச்சுத் தொழிலின் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடிக்கையாளருக்குத் தெரியாதது இதுதான். மலர் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை, பாரம் பாரமாக அச்சாகும். நம் மலருக்கு ஒரு பாரம் என்பது 8 பக்கம். ஒரு பெரிய தாளின் முன்புறம் 4 பக்கம், பின்புறம் 4 பக்கம். தாளை மடித்தால் வரிசை சரியாக வரும்படி பக்கங்களை அடுக்குவார்கள். அதனால் முதல் பாரத்தில் 1, 4, 5, 8 ஒருபுறமும் 2, 3, 6, 7 மறுபுறமும் விழும். 3ஆம் பக்கம் வரவில்லை என்றால் 3 மட்டும் நிற்காது. அதோடு 2, 6, 7 நிற்கும். மறுபுறத்தை மட்டும் அடித்து வைத்து என்ன செய்வது? ஆக 8 பக்கமும் நின்றுவிடும். "ஒரே ஒரு படம்தானே சார் பாக்கி, மத்ததை அடிங்களேன்" என்று செயலாளர் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். இதை விளக்காதவரை அவருக்கு நாம் சாக்குச் சொல்கிறோம் என்றே படும்.

இதே கணக்கு நமக்கு ஒரு வழியும் தருகிறது. வருமா வராதா என்று சந்தேகமாக இருப்பவற்றை எல்லாப் பாரத்திலும் சிதறவிடாமல் இரண்டு மூன்று பாரத்துக்குள் ஒதுக்கிவிடலாம். வாழ்த்துச் செய்திகள் எப்படியும் முதல் பாரத்தில். தலைமையாசிரியர் பட்டியலை 12ஆம் பக்கத்திலிருந்து 8ஆம் பக்கத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். நடுவில் 61ஆம் பக்கத்தில் இருந்த குழுப்படத்தை 85க்குத் தள்ளலாம். விளம்பரங்கள் கடைசிப் பாரத்தில். இப்போது 12 பாரத்தில் 1, 11, 12 ஆகிய மூன்று மட்டுமே காத்திருக்கும். மற்ற ஒன்பதுக்கும் புரூஃப் பார்த்துக் கையெழுத்து வாங்கி அச்சுக்கு அனுப்பிவிடலாம். கெஞ்சுவதைவிட இது பலன் தரும். கேட்கும்போது நம் பேச்சிலும் பதற்றம் குறையும்.

அடுத்தது கெடு. பல கடைகளில் கெடுவை ஒரு வாரம் முன்தள்ளிப் பொய்யாகச் சொல்வார்கள். 31ஆம் தேதி வேண்டுமென்றால் 24 என்பார்கள். வாடிக்கையாளர்களும் சளைத்தவர்கள் அல்ல, 24 என்றால் 31 என்று அவர்களாகவே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். பிறகு ஒருநாள் உண்மையான கெடுவைச் சொன்னாலும் அதையும் ஒரு வாரம் தள்ளிப் படிப்பார்கள். என் கட்சி, உண்மையான தேதியைச் சொல்வது, அந்தத் தேதி எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வது.

விழாவிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 22 ஞாயிறு விழா என்றால் 20 வெள்ளி பள்ளியில் கட்டுகள் இறங்க வேண்டும். பாரங்களை மடித்து, அடுக்கி, பசை போட்டு, லேமினேஷன் செய்த அட்டை ஒட்டி, மூன்று பக்கமும் வெட்ட 16 முதல் 19 வரை நாலு நாள். அச்சகத்தில் நம் வேலை மட்டும் ஓடாது, ஒரு நாளைக்கு நமக்கு இரண்டு மூன்று பாரம்தான் கிடைக்கும் என்பதால் 10 முதல் 14 வரை அச்சுக்கு. 9 திங்கள் பிளேட் போட. 5, 6, 7 பள்ளியில் புரூஃப் பார்த்துத் திருத்தி, கையெழுத்திட. 2, 3, 4 பக்கம் கட்ட. அப்படியானால் மேட்டர் கைக்கு வரவேண்டிய கடைசி நாள் ஜனவரி 31, சனிக்கிழமை. இடையில் உள்ள மூன்று ஞாயிறுதான் மின்தடைக்கும் மிஷின் கோளாறுக்கும் கையிருப்பு. ஒன்பது பாரம் முன்கூட்டியே ஓடிவிட்டால் அச்சு நாளிலும் கொஞ்சம் மிச்சப்படும். ஆனால் அதை நம்பிக் கெடுவைத் தள்ளக் கூடாது. புரூஃப் பார்க்கும் மூன்று நாளை எந்த மிஷினாலும் குறைக்க முடியாது.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். ஜனவரி மூன்றாம் வாரம் பொங்கல் விடுமுறை முடிந்து ஆசிரியர்கள் அப்போதுதான் திரும்பியிருப்பார்கள். 26க்கு முந்தைய நாட்களில் குடியரசு தின ஒத்திகை. அப்போது அனுப்பும் கடிதம் மேசையிலேயே கிடக்கும். 27 செவ்வாய் காலை அனுப்பலாம். நாலரை நாள் அவகாசம் இருக்கிறது. ஒரு கையெழுத்து வாங்க ஆள் அனுப்ப, ஸ்டூடியோவில் போய் வாங்கிவர அது போதும்.

வழியைப் பொறுத்தவரை, மலர்க்குழுவின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது கேட்டதாகாது. 14 பேர் பார்ப்பார்கள், ஏழு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், அனுப்பப்போவது யார் என்பது யாருக்கும் தெரியாது. முடிவெடுக்கும் ஒருவருக்கு, அதாவது தலைமையாசிரியருக்கு, முதலில் போன். "சார், நாலே விஷயம் பாக்கி, எழுதி அனுப்புறேன், அப்படியே சம்பந்தப்பட்டவங்களுக்கு ஃபார்வர்டு பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு, எழுத்தில் அனுப்ப வேண்டும். தனியாக அவருக்கு மட்டும். கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பவள விழா மலரில் 96 பக்கங்களில் 91 பக்கங்களுக்கான மேட்டர் வந்துவிட்டது. தமிழாசிரியர் ஐயா கட்டுரைகளைத் தட்டச்சு செய்தே கொடுத்ததால் பெரும்பாலான பக்கங்கள் முடிந்தன. கீழ்க்காணும் நான்கும் ஜனவரி 31, சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் கிடைத்தால் 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை மலரைப் பள்ளியில் ஒப்படைத்துவிடுவோம்.

1. அமைச்சர் அவர்களின் வாழ்த்துச் செய்தி, பக்கம் 3. கையொப்பமிட்ட கடிதமும் புகைப்படமும். (தங்களிடமிருந்து)

2. முன்னாள் தலைமையாசிரியர்கள் பட்டியல், பக்கம் 8. 1951 முதல் 1978 வரையும் 1996 முதல் இன்று வரையும் உள்ளது. 1979 முதல் 1995 வரை இல்லை. பெயர், முன்னெழுத்து, பணியாற்றிய ஆண்டுகள். (அலுவலகத்திலிருந்து)

3. 12ஆம் வகுப்பு 'அ' பிரிவு குழுப்படம், பக்கம் 85. வாட்ஸ்அப்பில் வந்த படம் அச்சுக்குத் தெளிவாக இல்லை. ஸ்டூடியோவில் உள்ள மூலப் படத்தைப் பென்டிரைவில், அல்லது வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக. (ஸ்டூடியோவிலிருந்து)

4. பக்கம் 94, 96 ஆகியவற்றின் விளம்பரங்கள். விசிட்டிங் கார்டின் படம் மட்டும் வந்துள்ளது. கடைகளின் லோகோவும் வாசகமும். (சங்கச் செயலாளரிடமிருந்து)

31க்குள் வராவிட்டால் 3ஆம் பக்கத்தில் பள்ளியின் பழைய கட்டடப் படத்தை வைப்போம். பட்டியல் முழுமையாக இல்லாமல் அச்சிட வேண்டாம் என்பதால் 8ஆம் பக்கத்தில் அதற்குப் பதிலாகப் பள்ளி வரலாற்றின் தொடர்ச்சி வரும். 85இல் உள்ள படத்தை அரைப் பக்க அளவுக்குச் சிறிதாக்குவோம். விளம்பரங்களில் கடைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் மட்டும் எழுத்தில் வரும். இவற்றில் எதற்காவது சம்மதமில்லை என்றால் தயவுசெய்து வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள்."

இந்தக் கடிதத்தில் யாரையும் குறை சொல்லவில்லை. 'பலமுறை கேட்டும்', 'ஏற்கெனவே தெரிவித்தபடி' என்ற சொற்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறது. தலைமையாசிரியர் இதை அப்படியே மற்றவர்களுக்கு ஃபார்வர்டு செய்வார். அதில் அவர் கௌரவம் குறையும் சொல் இருந்தால் செய்யமாட்டார். அடைப்புக்குறிக்குள் யார் தரவேண்டும் என்பதும் அதனால்தான். அவர் நாலு பேருக்குத் தனித்தனியாக விளக்க வேண்டியதில்லை. வந்ததைச் சொல்லி ஆரம்பிப்பது முகத்துதிக்காக அல்ல. பாக்கி சின்னதுதான் என்று தெரிந்தால்தான் ஒருவருக்கு அதை முடித்துவிடத் தோன்றும்.

மூன்றாவது விஷயத்தைச் சற்று விளக்க வேண்டும். "அதான் போட்டோ அனுப்பிட்டோமே" என்ற சண்டை எல்லா மலரிலும் வரும். அச்சில் படம் தெளிவாக இருக்க ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது தொழிலில் வழக்கம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், நீளவாக்கில் 1600 புள்ளி அளவுக்கு வந்துவிடுவது வழக்கம். 300ஆல் வகுத்தால் ஐந்தேகால் அங்குலம். ஏ4 பக்கத்தின் அகலமே எட்டேகால் அங்குலம். செல்போன் திரையில் பளிச்சென்று தெரிந்த படம் தாளில் மங்குவது இதனால்தான். அதுவும் 60 மாணவர்கள் நிற்கும் குழுப்படத்தில் ஒவ்வொரு முகமும் ஒரு பட்டாணி அளவு. தன் பிள்ளையின் முகம் கலங்கியிருந்தால் பெற்றோர் டிசைனரைத் திட்டமாட்டார்கள், பள்ளியைத்தான் திட்டுவார்கள். இதைத் தலைமையாசிரியரிடம் சொல்லிப் பாருங்கள், ஸ்டூடியோவுக்கு அன்றே ஆள் போகும். ஆகவே 'தெளிவான படம் வேண்டும்' என்று கேட்காமல், எங்கிருந்து, எந்த வடிவில், எந்த வழியில் என்று கேட்க வேண்டும். எழுத்து மேட்டருக்கும் இதே விதி. பாமினியிலோ வானவில்லிலோ அடித்த கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் கொடுங்கள், இல்லையென்றால் எழுத்துருவின் பெயரை எழுதி, கூடவே ஒரு பி.டி.எஃப்.பும் கொடுங்கள் என்று சொன்னால் ஒரு நாள் மிச்சமாகும்.

கடிதத்தின் கடைசிப் பத்திதான் பலருக்கும் கூச்சம் தரும் இடம். 'வராவிட்டால் இப்படிச் செய்வோம்' என்பது மிரட்டல் மாதிரி இருக்காதா? மொட்டையாக 'தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று எழுதினால்தான் மிரட்டல். என்ன செய்வோம் என்று சொல்லி, வேண்டாமென்றால் சொல்லுங்கள் என்று கேட்பது முடிவை அவர் கையிலேயே விடுவது. ஆனால் எல்லாவற்றுக்கும் நாமாக மாற்று வைத்துவிடக் கூடாது. 17 ஆண்டுகள் விடுபட்ட தலைமையாசிரியர் பட்டியல் அச்சானால், அந்த ஆண்டுகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் விழாவன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கத்தையே எடுத்துவிடுவது மேல். அமைச்சர் செய்தியும் அப்படித்தான். வாழ்த்துக் கேட்டு எழுதும் கடிதத்தோடு ஒரு மாதிரி வாசகத்தை இணைத்து அனுப்புவது வழக்கம், தவறில்லை. ஆனால் ஒப்புதல் வருமுன் அந்த வாசகத்தையே அவர் பெயரில் அச்சடித்துவிடலாமே என்று குழுவில் யாராவது யோசனை சொல்வார்கள். அதற்கு மட்டும் எந்தக் கெடுவுக்காகவும் இணங்கக் கூடாது. விளம்பரத்தில் கதை வேறு. கடைக்காரர் பணம் கொடுத்திருக்கிறார், பக்கத்தைத் தூக்க முடியாது. எளிமையாகவாவது வந்தாக வேண்டும்.

அனுப்பிய பிறகு வியாழன் காலை ஒரே ஒரு போன். "வந்துச்சா சார்" என்று கேட்பதில் பயன் இல்லை. "பட்டியலுக்குப் பதிவேடு கிடைச்சுதா, ஆள் அனுப்பட்டுமா, போன்லயே எழுதிக்கிறேன்" என்று கேட்டால் விஷயம் நகரும். வராத நாலில் பெரும்பாலும் இரண்டு இப்படித்தான் வந்துசேரும். 31 மாலை 5 மணிக்கு எது வந்தது, எது வரவில்லை, எந்தப் பக்கத்தில் என்ன வைக்கிறோம் என்று மூன்று வரி எழுதி அனுப்பிவிட்டுச் சொன்னபடி செய்ய வேண்டும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். கெடு முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் காத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் 31 என்பதும் அந்தப் பழைய 24 ஆகிவிடும்.

3ஆம் தேதி காலை அமைச்சர் அலுவலகத்திலிருந்து செய்தி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் பாரத்துக்குப் பிளேட் போடவில்லை, சேர்த்துவிடலாம். 9ஆம் தேதிக்குப் பிறகு வந்தால் கணக்கு மாறும். பல வண்ண அச்சில் ஒரு புறத்துக்கு நாலு பிளேட். கறுப்பு எழுத்தில் ஒரு பெயரைத் திருத்தினால் கறுப்புப் பிளேட் ஒன்றை மாற்றினால் போதும். படத்தை மாற்றினால் நாலையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதை வேலை எடுக்கும்போதே கொட்டேஷனில் எழுதியிருந்தால் அப்போது தகராறு வராது. எழுதாமல் விட்டவர் பெரும்பாலும் தானே கொடுத்துத் தீர்ப்பார்.

மேட்டர் எல்லாம் வந்தபிறகும் வரவேண்டியது ஒன்று உண்டு, புரூஃபில் கையெழுத்து. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அச்சுக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு பாரத்தின் புரூஃபிலும் 'அச்சிடலாம்' என்று எழுதி, தேதியோடு ஒருவர் கையெழுத்திட வேண்டும். பெயர்ப் பட்டியல் உள்ள பக்கங்களை அந்தப் பட்டியலைத் தந்தவரே பார்க்க வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் அச்சகக்காரரைவிட மலர்க்குழுவில் இருப்பவர்களே அதிகம் இருப்பீர்கள். விழாத் தேதி முடிவானதும் அழைப்பிதழ் பற்றிப் பேசும் முன்பே அச்சகத்தில் ஒரு கேள்வி கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எங்கள் கடைசிப் பக்கம் உங்கள் கைக்கு எந்தத் தேதிக்குள் வரவேண்டும்? அந்தத் தேதியைக் குழுவில் ஒருவர் பெயரில் ஒப்படைத்துவிடுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.